மூன்று கேள்வியும் ஒரே மாதிரி தெரிகிறது: ஐஇஎல்டிஎஸ் டாஸ்க் 2-க்கு எப்படித் திட்டம் போடுவது?

மதுமிதா_கோவை

வணக்கம். ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் இரண்டு தடவை எழுதிவிட்டேன். ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7-க்குக் குறையவில்லை. ரைட்டிங்கில் மட்டும் இரண்டு தடவையும் 6. எனக்கு வேண்டியது 6.5. இலக்கணப் பிழை எனக்கு அதிகம் வராது. டாஸ்க் 1 பரவாயில்லை. டாஸ்க் 2 கட்டுரையில்தான் எங்கோ கோட்டை விடுகிறேன்.

கேள்வி வகைகளைப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். பயிற்சிக்காக ஒரே தலைப்பில் மூன்று கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். தேர்வில் ஆங்கிலத்தில் வரும், இங்கே பொருளை மட்டும் தருகிறேன்.

அ) நகரப் பேருந்துகளை எல்லோருக்கும் இலவசமாக்குவதுதான் போக்குவரத்து நெரிசலைக் குறைக்கச் சிறந்த வழி. இதை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள் அல்லது மறுக்கிறீர்கள்?

ஆ) நகரப் பேருந்து எல்லோருக்கும் இலவசமாக இருக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். பயணம் செய்பவர்தான் கட்டணம் தர வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு கருத்துகளையும் விவாதித்து, உங்கள் கருத்தையும் சொல்லுங்கள்.

இ) பேருந்து வசதி இருந்தும் பல நகரங்களில் சொந்த வண்டியில் வேலைக்குப் போகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். இதனால் என்ன பிரச்சினைகள் வருகின்றன? அவற்றைத் தீர்க்க என்ன செய்யலாம்?

மூன்றுக்கும் நான் போட்ட குறிப்பு ஒன்றேதான். நன்மை: புகை குறையும், ஏழைகளுக்குப் பணம் மிச்சம். தீமை: அரசுக்குச் செலவு, பேருந்தில் கூட்டம். முன்னுரை, நன்மைக்கு ஒரு பத்தி, தீமைக்கு ஒரு பத்தி, முடிவுரை. இதில் என்ன தப்பு?

தனிவழி_சேலம்

ரொம்ப சுலபம்ங்க. கேள்வியில் வரும் சொல்லைப் பாருங்கள். ‘அக்ரீ’ வந்தால் ஒபீனியன். ‘டிஸ்கஸ்’ வந்தால் டிஸ்கஷன். ‘ப்ராப்ளம்’, ‘சால்வ்’ வந்தால் ப்ராப்ளம் சொல்யூஷன். ஒவ்வொன்றுக்கும் ஒரு அச்சு மனப்பாடமாக இருந்தால் போதும்.

இன்னும் இரண்டு விஷயம். ஒபீனியன் கேள்வியில் ஒரு பக்கம்தான் நிற்க வேண்டும், பாதி ஆமாம் பாதி இல்லை என்றால் மார்க் போய்விடும். டிஸ்கஷனில் உங்கள் கருத்து முடிவுரையில் மட்டும்தான் வர வேண்டும். நான் இப்படித்தான் எழுதி 7 வாங்கினேன். திட்டம் போட மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகாது.

ஈஸ்வரி டீச்சர்

பதினோரு வருடமாக இந்தத் தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மதுமிதா, உங்கள் குறிப்பை வைத்தே பேசலாம்.

தம்பி தனிவழி சொன்னதில் பாதி சரி. கேள்வியின் கடைசி வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஆனால் தனிச்சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடினால் சில கேள்விகள் ஏமாற்றிவிடும். அந்த வரி உங்களிடம் எத்தனை வேலை கேட்கிறது, என்னென்ன வேலை என்று பாருங்கள்.

முதலில் (அ). இங்கே வேலை ஒன்றுதான். ஒரு கூற்றைக் கொடுத்திருக்கிறார்கள், அதன் மேல் உங்கள் தீர்ப்பு வேண்டும். கூற்றை இன்னொரு தடவை படியுங்கள். ‘இலவசப் பேருந்து நல்லதா?’ என்று கேட்கவில்லை. ‘நெரிசலைக் குறைக்க’ அது ‘சிறந்த வழி’யா என்று கேட்டிருக்கிறார்கள். ஏழைகளுக்குப் பணம் மிச்சம் என்பது உண்மையான விஷயம்தான். ஆனால் இந்தக் கேள்விக்கு அது பதில் இல்லை. அரசுக்குச் செலவு என்பதும் அப்படித்தான், நெரிசலோடு இணைத்துக் காட்டினால் ஒழிய. உங்கள் நான்கு குறிப்பில் புகையும் கூட்டமும் மட்டும் விஷயத்தின் ஓரத்தைத் தொடுகின்றன. டாஸ்க் ரெஸ்பான்ஸ் என்ற அளவுகோலில் உங்களுக்கு மார்க் போவது இங்கேதான். மொழி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்தக் கால் பங்கு மார்க் தனி.

நான் (அ)வுக்குத் திட்டம் போடும் வரிசை இது. முதலில் நிலைப்பாடு. பேனாவை எடுத்ததும் ஒரு முழு வாக்கியம் எழுதுவேன்: ‘இலவசமாக்கினால் கொஞ்சம் உதவும், ஆனால் சிறந்த வழி இல்லை, ஏனென்றால்…’ அந்த ‘ஏனென்றால்’ஐ எத்தனை தடவை நிரப்ப முடிகிறதோ அத்தனை பத்தி.

ஏனென்றால் ஒன்று: கார், பைக் வைத்திருப்பவர் பேருந்தில் ஏறாததற்குக் காரணம் டிக்கெட் விலை இல்லை. பெட்ரோலுக்கு அதைவிட அதிகம் செலவழிக்கத் தயாராக இருப்பவர் அவர். பேருந்து எப்போது வரும் என்று தெரியாததுதான் அவருக்குச் சிக்கல். ஆகவே கட்டணத்தை எடுத்துவிட்டால் நடந்து போகிறவர்தான் அதிகம் ஏறுவார், கார் சாலையிலேயே இருக்கும்.

ஏனென்றால் இரண்டு: காரையே நேராகத் தொடும் வழிகள் இருக்கின்றன. லண்டனில் 2003 முதல் நகர மையத்துக்குள் காரில் நுழையக் கட்டணம் வாங்குகிறார்கள்.

இரண்டு பத்தி ஆயிற்று. ‘சிறந்த வழி’ என்ற சொல்லுக்கு இரண்டாவது பத்தி பதில் சொல்கிறது, ஏனென்றால் வேறொரு வழியோடு ஒப்பிடாமல் ‘சிறந்தது இல்லை’ என்று சொல்ல முடியாது. லண்டன் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உங்கள் ஊர் கடைவீதியில் பார்க்கிங் கட்டணம் வைத்தால் என்ன ஆகும் என்று எழுதினாலும் அதே மதிப்புதான்.

தம்பிக்கு ஒரு திருத்தம். ‘எந்த அளவுக்கு’ என்று கேட்டிருப்பதால் ஓரளவு ஏற்கிறேன் என்று தாராளமாகச் சொல்லலாம். மார்க் போவது எந்த அளவு என்று சொல்லாமல் வழுக்கும்போதுதான். ‘கொஞ்சம் உதவும், ஆனால் சிறந்தது இல்லை’ என்பது தெளிவான நிலைப்பாடு. ‘இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது’ என்பது அப்படி இல்லை.

யாழ்_வாசன்

ரீச்சர், நல்லா விளங்கிச்சுது. (ஆ) பற்றி எனக்கொரு சந்தேகம். நான் அதை எழுதிப் பார்த்தனான். இலவச பஸ்ஸின் நன்மைகள் ஒரு பந்தி, தீமைகள் ஒரு பந்தி, பிறகு நன்மைதான் கூட என்று முடிவு. இரண்டு பக்கமும் வந்துவிட்டதுதானே? இது சரியான டிஸ்கஷன் கட்டுரைதானே?

செவிலி_நாகர்கோவில்

வாசன், பதில் டீச்சர் சொல்லட்டும், எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய எனக்கு ரைட்டிங்கில் 6.5 வேண்டும், மற்ற மூன்றிலும் 7. மூன்றும் வந்துவிட்டது, ரைட்டிங் 6-லேயே நின்றது.

அன்று வந்த கேள்வி முதியவர்களைப் பற்றியது. வீட்டில் குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்று சிலர், பராமரிப்பு இல்லத்தில் இருப்பது நல்லது என்று சிலர். டிஸ்கஸ் போத் வியூஸ். ஆறு வருடம் முதியோர் வார்டில் வேலை பார்த்தவள் நான். படுக்கைப் புண் வந்து, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் கொண்டுவரப்பட்ட பாட்டிகளைத் தினமும் பார்த்தவள். கை தானாக ஓடியது. பராமரிப்பு இல்லத்துக்கு ஆதரவாக ஒன்றரைப் பக்கம். ‘சிலர் வீடுதான் நல்லது என்கிறார்கள், அது பழைய எண்ணம்’ என்று இன்னொரு பக்கத்துக்கு இரண்டே வரி.

எழுதி முடித்தபோது எனக்கு ரொம்ப திருப்தியாக இருந்தது. 6 வந்ததும் மறுமதிப்பீட்டுக்கும் போட்டேன், மாறவில்லை. பிறகு வீட்டில் அதே கேள்வியை எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, டிஸ்கஷன் கேள்விக்கு நான் ஒபீனியன் கட்டுரை எழுதியிருக்கிறேன். அடுத்த தடவை 6.5 வந்தது.

ஈஸ்வரி டீச்சர்

வாசன், நிறையப் பேர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். நீங்கள் எழுதியது வேறொரு கேள்விக்கான கட்டுரை. நன்மை தீமை என்பது ஒரு பொருளைப் பற்றியது. ‘வியூ’ என்பது ஒரு மனிதர் நினைப்பது. (ஆ)வில் இரண்டாவது கூட்டம் என்ன நினைக்கிறது? ‘பயணம் செய்பவர்தான் கட்டணம் தர வேண்டும்’ என்று. இலவசமாக்கினால் பேருந்தில் கூட்டம் சேரும் என்பது ஒரு தீமைதான். ஆனால் அந்த மனிதர் அதனால் அப்படிச் சொல்லவில்லை. ‘பேருந்தே வராத ஊரில் இருக்கிறவர் கட்டும் வரியில் நகரத்துக்காரர் ஏன் இலவசமாகப் போக வேண்டும்?’ என்பது அவர் கேள்வி. தீமைகளைப் பட்டியல் போட்டுக்கொண்டே போனால் இந்த நியாயத்தைத் தொடாமலே பத்தி முடிந்துவிடும்.

அதனால் டிஸ்கஷனுக்குத் திட்டம் போடும்போது தாளில் நன்மை, தீமை என்று தலைப்பு போட வேண்டாம். இரண்டு ஆட்களை எழுதுங்கள். இடப்பக்கம், இலவசம் வேண்டும் என்கிறவர். யார் அவர்? தெருவிளக்கு, பூங்கா மாதிரி பேருந்தும் ஊருக்குப் பொதுவானது என்று நினைக்கிறவர். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகிறார்கள். வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண், இரண்டு பேருந்து மாறி இன்னொரு தெருவில் நல்ல சம்பளம் தேட முடிகிறது என்று சொல்லுவாள். அது அந்தப் பக்கத்தின் வாதம். வலப்பக்கம், கட்டணம் வேண்டும் என்கிறவர். மேலே சொன்ன வரி கட்டுகிறவர் ஒருவர். கட்டண வருமானம் இல்லாவிட்டால் டயர் மாற்றுவதற்குக்கூட அரசின் கையை எதிர்பார்க்க வேண்டும் என்று சொல்லும் டிப்போ அதிகாரி இன்னொருவர்.

ஆளை மனதில் வைத்தால் அந்தப் பக்கத்தை மரியாதையாக எழுத வரும். செவிலி சொன்ன ‘அது பழைய எண்ணம்’ என்ற வரி அப்போது வராது. வீட்டில் வைத்துப் பார்க்கிற ஒரு மகளை நினைத்திருந்தால் அவருக்கு அந்தப் பத்தி நிறைய எழுத வந்திருக்கும்.

சொந்தக் கருத்தை இங்கே கடைசியாக முடிவு செய்யுங்கள். (அ)வுக்கு நேர் எதிர் வரிசை. இரண்டு பக்கமும் தாளில் வந்த பிறகு எந்த வாதம் உங்களுக்குக் கனமாகத் தெரிகிறதோ அதைச் சொல்லி, ஏன் என்றும் சொல்லுங்கள். முன்கூட்டியே முடிவு செய்தால் செவிலிக்கு நடந்ததுதான் நடக்கும். திட்டத்தில்தான் அது கடைசி, கட்டுரையில் முன்னுரையிலேயே அரை வாக்கியம் வந்துவிட வேண்டும் என்பது என் பழக்கம்.

தனிவழி_சேலம்

இதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் டீச்சர். முன்னுரையிலேயே கருத்தைச் சொல்லிவிட்டால் நடுவில் இருக்கிற இரண்டு பத்தியும் சும்மா ஒப்புக்கு எழுதியது மாதிரி தெரியும். நான் முடிவுரையில் மட்டும் சொல்லித்தான் 7 வாங்கினேன்.

ஈஸ்வரி டீச்சர்

7-க்கான விளக்கத்தில் தெளிவாக வளர்த்தெடுத்த நிலைப்பாடு வேண்டும் என்றுதான் இருக்கிறது தம்பி. எந்தப் பத்தியில் என்று எழுதியிருக்கவில்லை. உங்கள் முறையிலும் வரும், உங்களுக்கு வந்திருக்கிறது. என் பயம் வேறு. நேரம் போய் முடிவுரை ஒரே வரியாகச் சுருங்கினால் கருத்தும் அதோடு போய்விடும். என் மாணவர்களில் பலருக்கு அப்படி ஆகியிருக்கிறது. அதனால்தான் முன்னாலேயே ஒரு காப்பு வைக்கச் சொல்கிறேன்.

மதுமிதா_கோவை

(இ) மட்டும் நானே முயற்சி செய்தேன். பாருங்கள் டீச்சர்.

பிரச்சினைகள்: சாலைகள் குறுகலாக இருக்கின்றன, பேருந்து நேரத்துக்கு வருவதில்லை, கார் வைத்திருப்பது கௌரவம் என்று நினைக்கிறார்கள், காற்று மாசு.

தீர்வுகள்: இலவசப் பேருந்து, மக்களிடம் விழிப்புணர்வு, அரசு கடுமையான சட்டம் போட வேண்டும்.

ஈஸ்வரி டீச்சர்

நான்கில் மூன்று பிரச்சினையே இல்லை மதுமிதா, காரணங்கள். தமிழில் எல்லாவற்றையும் பிரச்சினை என்றே சொல்லிப் பழகியதால் இது நடக்கிறது. ‘ரோடு சின்னது, அதுதான் பிரச்சினை’ என்போம், நாம் சொல்வது காரணத்தை. சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. கேள்வியில் இருக்கும் நிலைமையை நடுவில் வையுங்கள்: ‘சொந்த வண்டியில் போகிறவர் கூடுகிறார்கள்’. நீங்கள் எழுதியது அதற்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா? பேருந்து நேரத்துக்கு வரவில்லை, அதனால் வண்டி வாங்குகிறார்கள். முன்னால் வருகிறது, காரணம். வண்டிகள் கூடின, அதனால் காற்று மாசு. பின்னால் வருகிறது, பிரச்சினை. கேள்வி ‘இதனால் என்ன’ என்று கேட்டால் பின்னால் வருவதை எழுதுங்கள். ‘ஏன் இப்படி’ என்று கேட்டிருந்தால் உங்கள் முதல் மூன்றும் அருமையான பதில்.

இரண்டாவது சிக்கல், தீர்வுகள் தனியே தொங்குகின்றன. இலவசப் பேருந்து எந்தப் பிரச்சினையைத் தீர்க்கிறது? விழிப்புணர்வு எதை? இந்த வகைக்கு நான் பின்னாலிருந்து முன்னால் திட்டம் போடச் சொல்வேன். பிரச்சினை யாருக்கும் பத்து தோன்றும். தீர்வுதான் கிடைக்காது. ஆகவே முதலில் உறுதியாக எழுதக்கூடிய இரண்டு தீர்வைப் பிடியுங்கள், அவை எந்தப் பிரச்சினையைத் தீர்க்குமோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தீர்வு ஒன்று, பேருந்துக்குத் தனித்தடம். அது எதைத் தீர்க்கும்? காலையில் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் இறங்குவதால் பேருந்தும் அதே நெரிசலில் மாட்டிக்கொள்கிறது. நாற்பது பேரைச் சுமக்கும் வண்டி, ஒருவரைச் சுமக்கும் காருக்குப் பின்னால் நிற்கிறது. சலித்துப்போய் அதில் இருப்பவரும் வண்டி வாங்குகிறார், நெரிசல் இன்னும் கூடுகிறது. தனித்தடம் இந்தச் சுற்றை அறுக்கும்.

தீர்வு இரண்டு, அலுவலகப் பகுதிகளில் தெருவோரம் நிறுத்த மணிக்கணக்கில் கட்டணம். அது எதைத் தீர்க்கும்? நடைபாதையில் வண்டிகள் ஏறி நிற்கின்றன, நடப்பவர் சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது.

இரண்டு ஜோடி போதும். 250 சொல்லுக்குக் குறையாமல் எழுத வேண்டிய கட்டுரைக்கு இதுவே தாராளம். முதல் பத்தியில் இரண்டு பிரச்சினை, அடுத்த பத்தியில் அதே வரிசையில் இரண்டு தீர்வு. இல்லையென்றால் ஒரு பத்திக்கு ஒரு ஜோடி. இரண்டும் சரி.

‘விழிப்புணர்வு’, ‘அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்ற இரண்டையும் என் வகுப்பில் அடித்துவிடுவேன். யார், என்ன செய்தால், எது குறையும் என்று மூன்றையும் சொல்ல முடிந்தால் வைத்துக்கொள்ளலாம். நகராட்சி தடம் ஒதுக்கினால் பேருந்துப் பயண நேரம் குறையும். இப்படி.

யாழ்_வாசன்

‘அட்வான்டேஜஸ் அவுட்வெய்’ என்று வருகிறதே, அது எந்த வகை ரீச்சர்? நான் அதைத்தான் டிஸ்கஷன் என்று நினைத்திருந்தனான்.

ஈஸ்வரி டீச்சர்

உங்கள் நன்மை தீமைப் பத்திகளுக்கு அதுதான் சரியான வீடு வாசன். ஆனால் எது கனம் என்று தீர்ப்பும் சொல்ல வேண்டும், அந்த அளவில் அது (அ)வின் உறவு. ‘நல்ல மாற்றமா, கெட்ட மாற்றமா’ என்று வருவதும் அதே குடும்பம்.

செவிலி_நாகர்கோவில்

நேரத்தைப் பற்றி ஒன்று. டாஸ்க் 2-க்கு 40 நிமிடம் என்று வைத்தால் நான் 8 நிமிடம் திட்டத்துக்கு ஒதுக்கினேன். பதற்றமாகத்தான் இருந்தது, பக்கத்தில் எல்லோரும் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்கும். ஆனால் எழுதும்போது நின்று யோசிக்க வேண்டி வரவில்லை. மூன்று நிமிடம் எனக்குப் போதாது.

தனிவழி_சேலம்

அச்சு மனப்பாடமாக இருந்தால் மூன்று போதும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆளுக்கு ஆள் மாறும்.

மதுமிதா_கோவை

நேற்று இரவு பயிற்சிக்கு ஒரு கேள்வி எடுத்தேன். ‘பிளாஸ்டிக் கழிவுப் பிரச்சினையை அரசுகள்தான் தீர்க்க வேண்டும் என்கிறார்கள் சிலர். ஒவ்வொரு தனிமனிதரின் பொறுப்பு என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு கருத்துகளையும் விவாதித்து உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.’

‘ப்ராப்ளம்’ இருக்கிறது, ‘சால்வ்’ இருக்கிறது. போன வாரம் என்றால் கடலில் பிளாஸ்டிக், மாட்டின் வயிற்றில் பிளாஸ்டிக், தீர்வாகத் துணிப்பை என்று எழுதியிருப்பேன். கடைசி வரியைப் படித்துவிட்டு இரண்டு ஆட்களை எழுதினேன்.

அரசுதான் என்கிறவர்: எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர். பிஸ்கட், ஷாம்பூ, எண்ணெய் எல்லாம் கம்பெனியிலிருந்தே பிளாஸ்டிக்கில்தான் வருகிறது, வாங்குகிறவர் கையில் என்ன இருக்கிறது, தயாரிக்கும் இடத்தில் தடுக்க அரசால்தான் முடியும் என்பார்.

தனிமனிதர்தான் என்கிறவர்: எங்கள் வீட்டில் குப்பை வாங்க வரும் அக்கா. 2019 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது, இன்னும் வாளியில் பை வந்துகொண்டுதான் இருக்கிறது, சட்டம் போட்டாலும் வீட்டில் பிரித்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்பார்.

என் கருத்து: அரசு. அக்கா சொல்வது உண்மை, ஆனால் பிரித்துப் போட மக்கள் தயாராக இருந்தாலும் கடையில் வேறு பொட்டலம் கிடைக்க வேண்டுமே. இது கடைசியாகத்தான் முடிவானது. எழுத ஆரம்பித்தபோது நான் தனிமனிதர் பக்கம் இருந்தேன். திட்டத்துக்கு 9 நிமிடம் ஆனது.

தனிவழி_சேலம்

இந்தக் கேள்விக்கு நான் ப்ராப்ளம் சொல்யூஷன் அச்சைத்தான் எடுத்திருப்பேன். டீச்சர் சொன்ன ஏமாற்றும் கேள்வி இதுதான் போல.

ஈஸ்வரி டீச்சர்

ஆமாம் தம்பி, இதுவேதான். மதுமிதா, இரண்டு ஆட்களும் நன்றாக வந்திருக்கிறார்கள். ஒரே ஒரு இடம் பாருங்கள். அக்காவின் வாதத்தில் நீங்கள் எழுதிய தடை பற்றிய வரி, ‘அரசு சட்டம் போட்டது, வேலை செய்யவில்லை’ என்று முடிகிறது. அதற்கு உங்கள் முடிவுரை பதில் சொல்லவில்லை. அரசு என்று நீங்கள் தீர்ப்பு சொல்வதால், சட்டம் ஏன் இத்தனை நாள் போதவில்லை, தயாரிக்கும் இடத்தில் தடுத்தால் ஏன் போதும் என்று ஒரு வாக்கியம் சேருங்கள். சேர்த்துவிட்டு முழுக் கட்டுரையையும் எழுதி இங்கே போடுங்கள், பத்தி பத்தியாகப் பார்க்கலாம்.